டெபிட் என்றால் குறைப்பது அல்ல: ஒரு ஜெராக்ஸ் கடையின் முதல் மாதக் கணக்கு

ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ‘டெபிட்’ என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. சம்பளம் ஏறினால் ‘கிரெடிட்’ என்று வருகிறது. பல வருஷமாக இதைப் பார்த்துப் பழகியவர் கணக்கு எழுத உட்கார்ந்தால் முதல் பதிவிலேயே இடிக்கும். கல்லாவுக்குப் பணம் வந்திருக்கிறது, ஆனால் ரொக்கக் கணக்கை டெபிட் செய் என்கிறார்கள். வந்த பணத்தை எதற்காகக் குறைக்க வேண்டும்?

யாரும் குறைக்கச் சொல்லவில்லை. டெபிட் என்பது ஒரு கணக்கின் இடது பக்கம், கிரெடிட் என்பது வலது பக்கம். அவ்வளவுதான். இடது பக்கம் ஒரு தொகையை எழுதினால் அந்தக் கணக்கு கூடுமா குறையுமா என்பது, அது எந்த வகைக் கணக்கு என்பதைப் பொறுத்தது. ரொக்கம் சொத்து என்பதால் டெபிட் செய்தால் கூடும். கடன் கொடுத்தவரின் கணக்கு பொறுப்பு என்பதால் டெபிட் செய்தால் குறையும்.

பள்ளிப் பாடநூலில் இவற்றுக்குப் பற்று, வரவு என்று பெயர். கடையிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் டெபிட், கிரெடிட் என்றுதான் பேசுகிறார்கள் என்பதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

விதி எங்கிருந்து வருகிறது

எந்தக் கடையை எடுத்தாலும், அதனிடம் இருக்கும் சொத்து முழுவதும் இரண்டே வழியில் வந்திருக்க முடியும். ஒன்று, வெளியாரிடம் கடன்பட்டு வந்தது. அது பொறுப்பு. இல்லையென்றால் உரிமையாளர் போட்டது. அது முதல்.

சொத்து = பொறுப்பு + முதல்

சமன்பாட்டின் இடது பக்கத்தில் இருக்கும் சொத்து, கணக்கேட்டிலும் இடது பக்கம் எழுதும்போது கூடும். வலது பக்கத்தில் இருக்கும் பொறுப்பும் முதலும் வலது பக்கம் எழுதும்போது கூடும். குறைய வேண்டுமென்றால் எதிர்ப் பக்கத்தில் எழுத வேண்டும். கழித்தல் குறியே தேவைப்படாத ஏற்பாடு இது. 1494இல் வெனிஸில் லூக்கா பாசியோலி அச்சில் விளக்கியது அந்த ஊர் வியாபாரிகள் அதற்கு முன்பே எழுதிவந்த இந்த இரண்டு பக்க முறையைத்தான்.

வருமானமும் செலவும் எங்கே வருகின்றன? கடைக்கு வருமானம் வந்தால் உரிமையாளரின் பங்கு, அதாவது முதல், கூடுகிறது. முதல் கூடுவது கிரெடிட்டில், ஆகவே வருமானமும் கிரெடிட்டில் கூடும். செலவு செய்தால் முதல் குறைகிறது. முதல் குறைவது டெபிட்டில், ஆகவே செலவை டெபிட்டில் எழுதுகிறோம்.

செலவு விஷயத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். வாடகை கொடுத்தால் வாடகைக் கணக்கை டெபிட் செய்கிறோம். அப்போது வாடகைக் கணக்கு குறையவில்லை, கூடுகிறது. இதுவரை வாடகைக்குப் போன மொத்தத் தொகையை அது சேர்த்துக்கொண்டே போகிறது. குறைவது முதல்தான். ஆனால் ஒவ்வொரு டீச்செலவுக்கும் முதல் கணக்கைத் தொட்டால் வருஷக் கடைசியில் எதற்கு எவ்வளவு போனது என்று தெரியாது. அதனால் செலவுகளுக்குத் தனித்தனிக் கணக்கு வைத்து, ஆண்டு முடிவில் மொத்தமாக முதலோடு சேர்க்கிறார்கள்.

ஆக, விதி முழுவதும் இவ்வளவே:

| கணக்கு வகை | கூடினால் | குறைந்தால் |
|---|---|---|
| சொத்து | டெபிட் | கிரெடிட் |
| செலவு | டெபிட் | கிரெடிட் |
| பொறுப்பு | கிரெடிட் | டெபிட் |
| முதல் | கிரெடிட் | டெபிட் |
| வருமானம் | கிரெடிட் | டெபிட் |

உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணத்துக்கு ‘எடுப்புகள்’ என்று தனிக் கணக்கு உண்டு. அது முதலைக் குறைப்பதால் செலவைப் போலவே டெபிட்டில் கூடும். ஆனால் கடைச் செலவோடு சேராது.

‘பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை’ என்று தொடங்கும் மூன்று பொன் விதிகளைப் பள்ளியில் படித்தவர்கள், அதையே பின்பற்றினாலும் விடை மாறாது. எனக்கு மேலே உள்ள அட்டவணைதான் வசதி. ஆள்சார் கணக்கா, பெயரளவுக் கணக்கா என்று யோசிக்கும் நேரம் மிச்சம்.

அப்படியானால் வங்கி ஏன் ‘டெபிட்’ என்கிறது?

வங்கி எழுதுவது உங்கள் கணக்கை அல்ல, அதன் கணக்கை. நீங்கள் போட்டு வைத்திருக்கும் பணம் உங்களுக்குச் சொத்து. வங்கிக்கோ அது உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், அதாவது பொறுப்பு. நீங்கள் 500 ரூபாய் எடுத்தால் வங்கி உங்களுக்குத் தர வேண்டியது 500 குறைகிறது. பொறுப்பு குறைந்தால் டெபிட். எனவே வங்கி தன் ஏட்டில் உங்கள் பெயரை டெபிட் செய்து, அதையே உங்களுக்கும் தெரிவிக்கிறது. அதே 500 ரூபாய்க்கு உங்கள் ஏட்டில் வங்கிக் கணக்கைக் கிரெடிட் செய்ய வேண்டும், ஏனென்றால் வங்கியில் இருக்கும் உங்கள் சொத்து குறைந்திருக்கிறது.

இருவர் எழுதுவதும் சரி. ஒரே பணம், எதிரெதிர் இரண்டு இடங்களில் நின்று பார்க்கப்படுகிறது. பாஸ்புக்கையோ ஸ்டேட்மென்ட்டையோ கையில் வைத்து எழுதும்போது, அங்கே டெபிட் என்று இருப்பது நம் ஏட்டில் கிரெடிட், அங்கே கிரெடிட் என்று இருப்பது இங்கே டெபிட். முதல் சில வாரங்களுக்கு இதை ஒரு காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால்

முதலில், இந்த நடவடிக்கை எந்தெந்தக் கணக்குகளைத் தொடுகிறது என்று பாருங்கள். குறைந்தது இரண்டு இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றும் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவதாக, அது கூடியதா குறைந்ததா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பக்கம் தானாகக் கிடைக்கும். ‘இது டெபிட்டா கிரெடிட்டா’ என்பதை முதல் கேள்வியாகக் கேட்கிறவர்தான் ஊகிக்க ஆரம்பிக்கிறார். கடைசியாக, டெபிட் மொத்தமும் கிரெடிட் மொத்தமும் சமமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு நீங்கள் கணக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் புதிதாகத் திறந்த சிறிய கடை. ஜிஎஸ்டி பதிவு இன்னும் இல்லை.

உரிமையாளர் கடையின் பெயரில் தொடங்கிய நடப்புக் கணக்கில் 2,00,000 ரூபாய் போடுகிறார். வங்கி, சொத்து, கூடியது: டெபிட். முதல் கூடியது: கிரெடிட்.

வங்கி டெபிட் 2,00,000
முதல் கிரெடிட் 2,00,000

பணம் போட்டவரே கடையின் சொந்தக்காரர், அவர் பணத்தை அவருக்கே எதற்காக வரவு வைக்க வேண்டும் என்று தோன்றலாம். கணக்கில் கடை வேறு, அவர் வேறு. கடை அவருக்கு அந்தத் தொகைக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதல் கணக்கின் கிரெடிட் சொல்கிறது.

அடுத்து 1,20,000 ரூபாய்க்கு ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்குகிறார். 70,000 வங்கியிலிருந்து கொடுத்துவிட்டார், மீதியை டீலருக்குப் பிறகு தர வேண்டும். இங்கே மூன்று கணக்குகள். இயந்திரம் என்னும் சொத்து கூடியது, வங்கி என்னும் சொத்து குறைந்தது, டீலர் என்னும் பொறுப்பு கூடியது.

இயந்திரம் டெபிட் 1,20,000
வங்கி கிரெடிட் 70,000
டீலர் கிரெடிட் 50,000

கிரெடிட் பக்கத்து இரண்டு வரிகளையும் கவனியுங்கள். ஒன்றில் கிரெடிட் குறைக்கிறது, இன்னொன்றில் கூட்டுகிறது. ஒரே பதிவுக்குள்ளேயே இரண்டும் நடக்கிறது. கிரெடிட்டுக்கும் டெபிட்டுக்கும் கூட்டல் கழித்தல் அர்த்தம் சொந்தமாக இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கடை இடத்துக்கு அட்வான்ஸ் 40,000, முதல் மாத வாடகை 8,000, சேர்த்து 48,000 வங்கியிலிருந்து போகிறது. புதிதாக வருபவர்கள் 48,000 முழுவதையும் வாடகையில் எழுதிவிடுவார்கள். அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்ப வர வேண்டிய பணம், ஆகவே அது சொத்து. வாடகை போனது போனதுதான், ஆகவே அது செலவு.

வாடகை அட்வான்ஸ் டெபிட் 40,000
வாடகை டெபிட் 8,000
வங்கி கிரெடிட் 48,000

இந்த வேறுபாட்டை டெபிட் கிரெடிட் விதி காட்டிக்கொடுக்காது. சொத்து, செலவு இரண்டும் டெபிட்டில்தான் கூடும் என்பதால் எங்கே போட்டாலும் பக்கம் சரியாகவே இருக்கும். ஆனால் 40,000 ரூபாயைச் செலவாகக் காட்டினால் லாபம் அந்த அளவுக்கு அடிபடும். வகையை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

மாதம் முழுவதும் வந்த ரொக்க வருமானத்தை ஒரே பதிவாக இங்கே காட்டுகிறேன். (உண்மையில் அன்றன்றைக்கு எழுதுங்கள்.)

ரொக்கம் டெபிட் 15,000
ஜெராக்ஸ் வருமானம் கிரெடிட் 15,000

பக்கத்துப் பள்ளிக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தது 6,000. பணம் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பணம் வரவில்லை என்பதால் பதிவு வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. வேலை முடிந்து பில்லும் கொடுத்தாயிற்று. பள்ளியிடமிருந்து வர வேண்டிய தொகை கடைக்குச் சொத்து.

பள்ளி டெபிட் 6,000
ஜெராக்ஸ் வருமானம் கிரெடிட் 6,000

சில நாள் கழித்துப் பள்ளி 4,000 ரூபாயை வங்கிக்கு அனுப்புகிறது. இங்கே ஒரு பொறி. பணம் வந்திருக்கிறது, ஆகவே வருமானம் என்று கை தானாக எழுதும். வருமானத்தை ஏற்கெனவே எழுதிவிட்டோம். இப்போது ஒரு சொத்து குறைந்து இன்னொரு சொத்து கூடியிருக்கிறது.

வங்கி டெபிட் 4,000
பள்ளி கிரெடிட் 4,000

டீலருக்கு வங்கியிலிருந்து 20,000 கொடுக்கிறார். பொறுப்பு குறைகிறது, சொத்தும் குறைகிறது. இரண்டுமே குறைந்தாலும் ஒன்று டெபிட், இன்னொன்று கிரெடிட்.

டீலர் டெபிட் 20,000
வங்கி கிரெடிட் 20,000

மீதி இரண்டும் எளிது. காகிதம் வாங்கியது ரொக்கமாக 5,000: காகிதச் செலவு டெபிட், ரொக்கம் கிரெடிட். வீட்டுக்குக் கல்லாவிலிருந்து 3,000 எடுத்தது: எடுப்புகள் டெபிட், ரொக்கம் கிரெடிட்.

மாதக் கடைசியில் இருப்புக் கட்டுவது

ஒவ்வொரு கணக்கிலும் இடது பக்க மொத்தத்தையும் வலது பக்க மொத்தத்தையும் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் இருப்பு. வங்கிக் கணக்கில் இடது பக்கம் 2,00,000, 4,000 என மொத்தம் 2,04,000. வலது பக்கம் 70,000, 48,000, 20,000 என 1,38,000. டெபிட் இருப்பு 66,000. இதே மாதிரி எல்லாவற்றுக்கும் எடுத்து அடுக்கினால் இருப்பாய்வு, அதாவது ட்ரையல் பேலன்ஸ்:

| கணக்கு | டெபிட் | கிரெடிட் |
|---|---|---|
| வங்கி | 66,000 | |
| ரொக்கம் | 7,000 | |
| இயந்திரம் | 1,20,000 | |
| வாடகை அட்வான்ஸ் | 40,000 | |
| பள்ளி | 2,000 | |
| வாடகை | 8,000 | |
| காகிதச் செலவு | 5,000 | |
| எடுப்புகள் | 3,000 | |
| முதல் | | 2,00,000 |
| டீலர் | | 30,000 |
| ஜெராக்ஸ் வருமானம் | | 21,000 |
| மொத்தம் | 2,51,000 | 2,51,000 |

வருமானம் 21,000, செலவு 13,000, லாபம் 8,000. (இயந்திரத்தின் தேய்மானத்தையும் மிச்சமிருக்கும் காகிதத்தையும் இப்போதைக்கு விட்டுவிட்டேன்.) முதல் 2,00,000 ரூபாயோடு லாபம் 8,000 கூட்டி, எடுப்பு 3,000 கழித்தால் 2,05,000. டீலரின் 30,000 சேர்த்தால் 2,35,000. சொத்துகளைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 2,35,000தான். ஆரம்பத்தில் எழுதிய சமன்பாடு அப்படியே நிற்கிறது.

டாலி மாதிரி மென்பொருளில் எழுதினாலும் இதேதான். புதிய லெட்ஜர் திறக்கும்போது ‘Under’ என்ற இடத்தில் எந்தக் குழு என்று கேட்கும். அட்வான்ஸை ‘Deposits (Asset)’ கீழும், வாடகையை ‘Indirect Expenses’ கீழும், டீலரை ‘Sundry Creditors’ கீழும் வைக்க வேண்டும். சொத்தா, செலவா, பொறுப்பா என்று நீங்கள் சொல்வது அந்த ஒரு இடத்தில்தான். அங்கே தவறினால் பதிவெல்லாம் சரியாக இருந்தும் அறிக்கை தப்பாக வரும்.

பக்கம் மாறிவிட்டால் எப்படித் தெரியும்

கையால் எழுதும்போது ஒரு கணக்கில் மட்டும் பக்கம் மாறிப் போனால் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சமமாக வராது. அப்போது வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடுங்கள். வங்கியில் டெபிட்டாக எழுத வேண்டிய 4,000 ரூபாயைக் கிரெடிட்டில் எழுதியிருந்தால் வித்தியாசம் 8,000 வரும், ஒரு முறை விட்டுப்போய், ஒரு முறை எதிரே ஏறியதால். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், 5,400 ரூபாயை 4,500 என்று எழுதுவதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சில இருப்புகள் பார்த்த உடனே சந்தேகம் கொள்ள வேண்டியவை. ரொக்கக் கணக்கில் கிரெடிட் இருப்பு வரவே முடியாது, கல்லாவில் இருந்ததைவிட அதிகம் எடுத்துச் செலவு செய்ய முடியாதே. வந்தால் கல்லாவுக்கு வந்த ஏதோ ஒரு பணம் எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது, அல்லது பக்கம் மாறியிருக்கிறது. வங்கிக் கணக்கில் கிரெடிட் இருப்பு வரலாம். ஓவர்டிராஃப்ட் இருந்தால் வங்கிக்கு நாம் தர வேண்டியிருக்கிறது, அன்றைக்கு அது பொறுப்பு. டீலர் கணக்கில் டெபிட் இருப்பு வந்தால் அவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம், அல்லது பில்லை எழுத மறந்திருக்கிறோம்.

ஆபத்தானது பதிவு முழுவதுமே தலைகீழாவது. டீலருக்கு 20,000 அனுப்பிய அன்று வங்கியிலிருந்து ‘டெபிட்’ என்று குறுஞ்செய்தி வருகிறது. அதைப் பார்த்து வங்கி டெபிட், டீலர் கிரெடிட் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நம் ஏட்டில் வங்கி இருப்பு 1,06,000 ஆகிவிடும், டீலருக்குத் தர வேண்டியது 70,000 ஆகிவிடும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் 2,91,000 என்று அழகாகக் கூடிவிடும். மென்பொருளும் வாய் திறக்காது, அதற்கு வேண்டியது இரண்டு பக்கமும் சமமாக இருப்பது மட்டுமே.

இதைப் பிடிக்க வெளியிலிருந்து வரும் காகிதம் வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் இருப்பு 66,000, நம் ஏட்டில் 1,06,000, வித்தியாசம் 40,000. இன்னும் வங்கியில் மாறாத காசோலை ஏதும் இல்லையென்றால், பாதியாக்குங்கள்: 20,000. அந்தத் தொகைக்கு மாதத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. டீலர் அனுப்பும் கணக்கு விவரத்தில் பாக்கி 30,000 என்றிருப்பதும் அதையே உறுதி செய்யும்.

திருத்தும் பதிவு டீலர் டெபிட், வங்கி கிரெடிட். தொகையை 20,000 என்று போடாதீர்கள், 40,000 போடுங்கள். முதல் 20,000 தப்பாக எழுதியதை அழிக்கிறது. இரண்டாவது 20,000தான் உண்மையில் டீலருக்குப் போன பணம்.